ஐம்பது லட்சம் இருக்கிறது, மாதம் எவ்வளவு வரும்?

ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு இருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், தன் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பி.எஃப்.பில் இவ்வளவு, என்.பி.எஸ்ஸில் இவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருப்பார். ‘சரி, அது மாதம் எவ்வளவாக வரும்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். ‘வட்டி போட்டா ஒரு முப்பதாயிரம் வராதா சார்?’ என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார்.

சேர்ந்திருக்கும் மொத்தப் பணத்துக்குத் தொகுப்பு நிதி என்று பெயர். கார்ப்பஸ் என்றும் சொல்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, ‘நான் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் இவ்வளவு கொடு’ என்று வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் ஆன்யூட்டி. தொகுப்பு நிதி உங்களுடைய சொத்து. ஆன்யூட்டி, அந்தச் சொத்தைக் கொடுத்து வாங்கும் வருமானம். முதலாவதைச் சேர்க்க முப்பது ஆண்டு ஆகிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலோர் ஒரு மத்தியானம்கூடச் செலவிடுவதில்லை. படிவத்தில் டிக் செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த டிக்கை அப்புறம் மாற்ற முடியாது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

கணக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. வயது 57, மனைவிக்கு 53. தனியார் ஊழியர்களுக்கும் என்.பி.எஸ் 2009-ல் திறந்துவிடப்பட்டது. கம்பெனி சேர்ந்த பிறகு இவரும் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளத்தில் கம்பெனி ஒரு பங்கு போட, வரிச் சலுகைக்காக இவரும் ஆண்டுக்கு 50,000 தனியாகப் போட்டு வந்தார். 60 வயதில் 50 லட்சம் இருக்கும் என்று கொள்வோம். உண்மையில் யாருக்கும் இவ்வளவு முழு எண்ணாக வராது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இவருக்கு இ.பி.எஸ் என்ற இன்னொரு ஓய்வூதியமும் உண்டு. பி.எஃப் பாஸ்புக்கில் அந்தப் பத்தியிலும் ஒரு தொகை சேர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து, அதுவும் தன் தொகுப்பு நிதிதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இ.பி.எஸ் ஒரு சூத்திரத்தின்படி வருவது. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. 30 ஆண்டு வேலை பார்த்தவருக்கு அது 6,400 ரூபாய்ச் சொச்சம் வரும். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய 6,500 உச்சவரம்பு கணக்கில் வருவதால், பலருக்கு இதைவிடவும் குறையும். 58 வயதில் அது தொடங்கும். பாஸ்புக்கில் அந்தப் பத்தியில் எவ்வளவு இருந்தாலும் இந்தத் தொகை கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு 50 லட்சத்துக்கு வருவோம்.

என்.பி.எஸ்ஸிலிருந்து 60 வயதில் வெளியே வரும்போது முழுப் பணத்தையும் கையில் தர மாட்டார்கள். நெடுநாள் இருந்த விதிப்படி குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யூட்டி வாங்க வேண்டும், மீதியை எடுத்துக்கொள்ளலாம். அரசு ஊழியர்களுக்கு அது அப்படியே இருக்கிறது. அரசு சாராதவர்களுக்கு 2025 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் விதியைத் தளர்த்தி, 20 சதவீதத்துக்கு வாங்கினால் போதும் என்று ஆக்கிவிட்டது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் நெடுநாளாகத் தெளிவான விலக்கு பெற்று வந்தது 60 சதவீதம்தான். அதற்கு மேல் எடுக்கும் பகுதிக்கு வரி உண்டா என்பதை, எடுக்கும் ஆண்டின் விதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நம் அம்பத்தூர்க்காரர் பழைய கணக்கையே வைத்துக்கொள்கிறார். 30 லட்சம் கைக்கு, 20 லட்சம் ஆன்யூட்டிக்கு.

இனி அந்த 20 லட்சம்தான் கதை.

நான்கு வரி, நான்கு தொகை

என்.பி.எஸ் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவு நிறுவனத்தின் தளத்தில் பிறந்த தேதி, மனைவியின் பிறந்த தேதி, தொகை ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். எல்.ஐ.சி, எஸ்.பி.ஐ லைஃப், ஹெச்.டி.எஃப்.சி லைஃப் என்று நிறுவனங்கள் ஒருபுறம், திட்ட வகைகள் ஒருபுறம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாதத் தொகை. பார்த்தவுடன் கண் பெரிய எண்ணைத்தான் தேடும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். வகைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

தன் ஆயுள் வரை மட்டும், அசல் திரும்ப வராது என்றால் ஆண்டுக்கு 8 சதவீதம், அதாவது மாதம் 13,333 ரூபாய். தன் ஆயுள் வரை, பிறகு மனைவி ஆயுள் வரை அதே தொகை, அசல் திரும்ப வராது என்றால் 7.2 சதவீதம், மாதம் 12,000. தன் ஆயுள் வரை, இறந்த பிறகு 20 லட்சமும் வாரிசுக்குத் திரும்ப வரும் என்றால் 6.5 சதவீதம், மாதம் 10,833. தனக்கும் மனைவிக்கும் ஆயுள் வரை, இருவரும் போன பிறகு அசல் வாரிசுக்கு என்றால் 6.4 சதவீதம், மாதம் 10,667.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். அசல் திரும்பி வராத வகையில் மனைவியைச் சேர்த்தால் மாதம் 1,333 ரூபாய் குறைகிறது. அசல் திரும்பி வரும் வகையில் மனைவியைச் சேர்த்தால் குறைவது வெறும் 166 ரூபாய். அதே மனைவி, அதே நாலு வயது இடைவெளி. ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கான பதிலில்தான் ஆன்யூட்டி என்பது உண்மையில் என்ன என்பது அடங்கியிருக்கிறது. அசல் திரும்பி வரும் வகையில் நிறுவனம் உங்கள் 20 லட்சத்தை வாங்கி, நீண்டகால அரசுக் கடன் பத்திரங்களில் போட்டு, அதில் வரும் வட்டியில் தன் செலவை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தருகிறது. அசலைத் தொடுவதே இல்லை. நீங்கள் ஐந்து ஆண்டு இருந்தாலும் முப்பது ஆண்டு இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மனைவி கூடுதலாகப் பதினைந்து ஆண்டு வாங்கினாலும் நஷ்டமில்லை, அத்தனை ஆண்டும் அசல் அதன் கையில் இருக்கிறது. நேராகச் சொன்னால் இது ஆயுள் முழுவதும் நீளும் ஒரு ஃபிக்சட் டெபாசிட்.

அசல் திரும்பி வராத வகை வேறு சங்கதி. அங்கே நிறுவனம் வட்டியோடு அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கிறது. 65 வயதில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய கரையாத பணம், 90 வயதைத் தாண்டி வாழும் இன்னொருவருக்குப் போகிறது. ஆயுள் காப்பீடு என்பது சீக்கிரம் போய்விடுவோமோ என்ற பயத்துக்கான ஏற்பாடு. இது அதற்கு நேர் எதிர். நெடுநாள் இருந்துவிடுவோமோ, பணம் தீர்ந்துபோன பிறகும் இருந்துவிடுவோமோ என்ற பயத்துக்கான ஏற்பாடு. இங்கே யார் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பதுதான் நிறுவனத்தின் கவலை முழுக்க. 60 வயது ஆணுக்கு மட்டும் கொடுப்பதும், அவரைவிட நாலு வயது இளைய மனைவிக்கும் சேர்த்துக் கொடுப்பதும் அதற்கு ஒன்றாகுமா? அதனால்தான் இந்த வகையில் மனைவியின் பெயருக்கு நிஜமான விலை இருக்கிறது.

இதையே நாமே செய்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். முடியும், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சத்தை 6.5 சதவீத வட்டியில் வங்கியில் போட்டு, முதல் வகை தருவது போலவே ஆண்டுக்கு 1,60,000 எடுத்துக்கொண்டே வருகிறார். முதலாண்டு வட்டி 1,30,000 வரும். மீதி 30,000 அசலிலிருந்து போகும். அடுத்த ஆண்டு அசல் குறைந்ததால் வட்டியும் குறையும், அசலில் கைவைப்பது கொஞ்சம் கூடும். இப்படியே போனால் பணம் 26 ஆண்டும் சில மாதங்களும் தாங்கும். அவருக்கு அப்போது 86 வயது இருக்கும். அதற்குமுன் போய்விட்டால் மீதி பிள்ளைகளுக்கு. அதற்கு மேல் இருந்தால் கை வறண்டிருக்கும். ஆன்யூட்டி வாங்கியவருக்கோ 86-லும் வரும், 96-லும் வரும். அவர் விற்றது தான் சீக்கிரம் போனால் மிஞ்சும் பணத்தை. வாங்கியது 86-க்கு மேற்பட்ட காலத்தை.

அசலை விடமாட்டேன் என்கிற பிடிவாதம்

நம் ஊரில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு அசல் திரும்ப வரும் வகையைத்தான் கேட்பார்கள். ‘நாளைக்கே போயிட்டா என் பணத்தைக் கம்பெனிக்காரன் முழுங்கிடுவானா?’ என்பதுதான் காரணம். விற்க வருகிறவரும் இதைத்தான் முன்னால் நீட்டுவார். ‘அசலுக்கு சேதாரமில்லாத பென்ஷன்’ என்று சொன்னால் விற்பது சுலபம்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கணக்கும் சில சமயம் அதன் பக்கம்தான் நிற்கிறது. தனியாக ஒருவர், அசல் திரும்பாத வகையில் 13,333 வாங்குவதற்கும் திரும்பும் வகையில் 10,833 வாங்குவதற்கும் வித்தியாசம் மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. அந்த 30,000-ஐ ஆண்டுதோறும் 7 சதவீதத்தில் சேர்த்தால் 20 லட்சம் ஆக ஏறத்தாழ 26 ஆண்டு பிடிக்கும். அதற்குள் போய்விட்டால், பிள்ளைகளுக்கு மிஞ்சுவதைப் பொறுத்தவரை, அசல் திரும்பும் வகையே லாபம்.

ஆனால் ‘20 லட்சம் திரும்ப வரும்’ என்று சொல்லும்போது எந்த ஆண்டின் 20 லட்சம் என்பதை யாரும் சொல்வதில்லை. மனைவிக்கு இப்போது 53. அவர் 88 வரை இருந்தால் அசல் வாரிசின் கைக்கு வர 35 ஆண்டு ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்த 20 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு இரண்டரை லட்சத்துச் சொச்சம்தான். அப்போது மகனுக்கே ஓய்வு பெறும் வயது ஆகியிருக்கும். இதற்காக, ஆன்யூட்டி வரும் 32 ஆண்டு முழுக்க மாதம் 1,333 ரூபாயை இந்தத் தம்பதி விட்டுக்கொடுக்கிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், பிள்ளைகள் சொந்தக்காலில் நின்றுவிட்டார்கள், வீடு இருக்கிறது, ஓய்வு வருமானம் இழுபறியாக இருக்கிறது என்றால் இரண்டாம் வகைதான். தனக்கும் மனைவிக்கும் ஆயுள் வரை, அசல் வராது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிறார், அல்லது தம்பதி இருவருக்குமே உடல்நிலை சரியில்லை என்றால் அசல் திரும்பும் வகை. முதல் வகையை, அதாவது தனக்கு மட்டும் என்பதை, மனைவிக்குத் தனியாக ஓய்வூதியம் வருகிறவர்கள், துணை இல்லாதவர்கள் மட்டும் எடுக்கலாம். மற்றவர்கள் பட்டியலில் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி அதை டிக் செய்தால், கணவர் போன அடுத்த மாதமே வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. எத்தனையோ வீடுகளில் மனைவிக்கு இந்த விவரமே தெரியாது.

அதே 12,000, பன்னிரண்டு ஆண்டு கழித்து

மேலே சொன்ன எல்லா வகையிலும் ஒரு பொதுக்குறை உண்டு. தொகை ஏறாது. 60 வயதில் 12,000 என்றால் 80 வயதிலும் 12,000. அரசு ஓய்வூதியம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஏதாவது ஏறும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. ஆன்யூட்டியில் அகவிலைப்படி கிடையாது. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அந்த 12,000 இன்றைய 6,000 ஆகிவிடும்.

ஆண்டுக்கு 3 சதவீதம் கூடிக்கொண்டே போகும் வகையும் சில நிறுவனங்களிடம் இருக்கிறது. அதில் தொடக்கத் தொகை நன்றாகக் குறையும். நம் கணக்கில் 12,000-க்குப் பதில் 9,000-த்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டு விகிதத்தில் 3 சதவீதம் ஏறி, மாதத் தொகை 12,000-ஐ எட்டப் பத்து ஆண்டு ஆகும். ஆனால் அதுவரை குறைவாக வாங்கியதை எல்லாம் ஈடுகட்டி, மொத்த வரவு சமமாக 20 ஆண்டு ஆகிவிடும். 80 வயதுக்கு மேல்தான் லாபம். ஆரோக்கியமான, நீண்ட ஆயுள் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தலாம். எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. விலைவாசியைச் சமாளிக்கும் வேலையை ஆன்யூட்டியிடம் கொடுக்காமல், கைக்கு வந்த 30 லட்சத்திடம் கொடுப்பதே மேல்.

அந்த 30 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். ஒருவருக்கு உச்சவரம்பும் சரியாக 30 லட்சம்தான். 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். ‘இது 8.2 தருது, அது 7.2 தான் தருது, நான் எதுக்குங்க ஆன்யூட்டி வாங்கணும்?’ என்று இங்கே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த 8.2 ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்பதுதான் பதில். முடிந்ததும் அப்போதைய வட்டிக்குத்தான் புதுப்பிக்க வேண்டும். இதே திட்டம் 2020-லிருந்து 2022 வரை 7.4 சதவீதம்தான் கொடுத்தது. 2021-ல் பெரிய வங்கிகளின் ஐந்தாண்டு டெபாசிட் வட்டி 6 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டுகளில் டெபாசிட் முதிர்ந்தவர்கள் வங்கியில் முகம் வாடி நின்றதைப் பலர் பார்த்திருப்போம். ஆன்யூட்டியில் வாங்கிய நாளின் விகிதம் அப்படியே உறைந்துவிடுகிறது. வட்டி சரிந்தாலும் உங்களுக்கு அதே தொகை. ஏறினாலும் அதே தொகைதான், அது வேறு விஷயம்.

ஆகவே இரண்டும் வேண்டும். அரிசி, மருந்து, மின் கட்டணம் போன்ற தவிர்க்கவே முடியாத செலவுக்கு இ.பி.எஸ்ஸும் ஆன்யூட்டியும். மற்றதற்கு அஞ்சலகத் திட்டமும், அதில் ஒரு பங்கை விலைவாசியோடு ஏறக்கூடிய முதலீடுகளிலும். ஆன்யூட்டித் தொகை முழுவதும் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும், அசல் கரைந்து வரும் பகுதிக்கும் சலுகை இல்லை. ஆனால் 2025–26-லிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால், நம் அம்பத்தூர்க்காரர் அளவில் அது பெரிய கவலை அல்ல.

கடைசி மூன்று ஆண்டு

இப்போது அவருக்கு 57. அதாவது தொகுப்பு நிதி இன்னும் பணமாக இல்லை, யூனிட்டுகளாக இருக்கிறது. 60 வயதில் கணக்கை முடிக்கும்போது அந்த யூனிட்டுகளின் விலை என்னவோ, அதுதான் தொகுப்பு நிதி. சந்தை அப்போது எப்படி இருக்கிறது என்பது அவர் கையில் இல்லை. எவ்வளவு பங்குச் சந்தையில் இருக்கலாம் என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

பாதி பணம் பங்குகளில் இருக்கிறது, ஓய்வு பெறும் ஆண்டில் சந்தை 30 சதவீதம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் பதினேழரை ஆகிவிடும். மொத்தம் 42.5 லட்சம். அதில் 40 சதவீதம் 17 லட்சம். 12,000-ஆக வர வேண்டிய ஓய்வூதியம் 10,200 ஆகிவிட்டது. சந்தை அடுத்த ஆண்டு மீளலாம், ஆனால் ஆன்யூட்டியை வாங்கிவிட்ட பிறகு மீண்டால் இவருக்கு என்ன? இறங்கின விலைக்கு விற்று, ஆயுளுக்கும் பூட்டிவிட்டார்.

தானாகப் பங்கைக் குறைத்துக்கொண்டே போகும் ஆட்டோ சாய்ஸில் இருந்தவருக்கு இந்த ஆபத்து குறைவு. அதன் மிதமான வகையில் 55 வயதுக்குள் பங்குப் பகுதி 10 சதவீதத்துக்கு வந்துவிடும். தானே தேர்ந்தெடுக்கும் ஆக்டிவ் சாய்ஸ் எடுத்துவிட்டு மறந்துபோனவர்கள்தான் உடனே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் வைத்த விகிதம் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

பங்கிலிருந்து அரசுக் கடன் பத்திரத் திட்டத்துக்கு மாறுவதில் இன்னொரு வசதி உண்டு, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாட்டில் நீண்டகால வட்டி இறங்கினால் ஆன்யூட்டி விகிதமும் இறங்கும். ஆனால் வட்டி இறங்கும்போது பழைய கடன் பத்திரங்களின் விலை ஏறும். ஒரு பக்கம் போவதில் பாதியாவது மறுபக்கம் வந்துவிடுகிறது. 7.2 சதவீதம் 6.6 ஆனது என்று கொள்வோம். 20 லட்சத்துக்கு மாதம் 12,000 வந்தது 11,000 ஆகிவிடும். ஆனால் அதே காலத்தில் பத்திரங்களின் மதிப்பு 5 சதவீதம் ஏறினால் 20 லட்சம் 21 லட்சமாகி, ஓய்வூதியம் 11,550-க்கு மீண்டுவிடும். பங்குகளில் இந்த ஈடு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே ஆன்யூட்டிக்குப் போகப்போகும் 40 சதவீதத்தையாவது கடைசி மூன்று ஆண்டில் படிப்படியாகப் பத்திரப் பக்கம் கொண்டுவந்துவிடுவது புத்திசாலித்தனம். கைக்கு வரப்போகும் பங்கில் சிறிது பங்குச் சந்தையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

60 ஆன அன்றே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. என்.பி.எஸ்ஸில் தள்ளிப்போட வசதி உண்டு. சந்தை விழுந்துகிடக்கும்போது வேறு வருமானம் இருந்தால் காத்திருக்கலாம். வயது கூடக் கூட ஆன்யூட்டி விகிதமும் கூடும், ஏனென்றால் நிறுவனம் கொடுக்க வேண்டிய ஆண்டுகள் குறைகின்றன. அசல் திரும்பாத வகையில் இந்தக் கூடுதல் நன்றாகவே தெரியும். அசல் திரும்பும் வகையில் வயதால் பெரிய மாற்றம் வராது, அது வெறும் வட்டிதானே.

படிவம் நிரப்பும் நாள்

நடைமுறையில் பணம் தடைபடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் என்.பி.எஸ் கணக்கிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்க்கும் முறை இருக்கிறது, அது தோற்றால் கோரிக்கை நின்றுவிடும். நம் ஊரில் ஓரிடத்தில் இனிஷியல் முன்னாலும் இன்னோரிடத்தில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னாலும் இருப்பது சகஜம். இதை 57 வயதிலேயே சரிசெய்துவிடலாம். கூட்டு ஆயுள் வகை எடுப்பதாக இருந்தால் மனைவியின் பிறந்த தேதி ஆதாரிலும் பான் அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் மாதத் தொகையைக் கணக்கிடுகிறார்கள்.

வாங்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே வகையை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் ‘அசல் வராது’ தொகையையும் இன்னொன்றின் ‘அசல் வரும்’ தொகையையும் பக்கத்தில் வைத்து ‘இவங்கதான் அதிகம் தராங்க’ என்று யாராவது காட்டினால் எழுந்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கினால் விகிதம் கொஞ்சம் கூடுதலாகவும், மாதாமாதம் வாங்கினால் கொஞ்சம் குறைவாகவும் காட்டும். அதையும் ஒன்றுபோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கம்பெனியின் சூப்பரானுவேஷன் நிதியிலிருந்து வரும் பணத்துக்கோ, எல்.ஐ.சியின் ஜீவன் அக்ஷய் போல நேரடியாக வாங்கும் திட்டத்துக்கோ இதே வகைகள்தான். பெயர்கள் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

பத்திரம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் ‘ஆன்யூட்டி வகை’ என்ற வரியைப் படித்துவிட வேண்டும். கேட்டதும் அச்சானதும் ஒன்றா, மனைவியின் பெயர் இரண்டாம் ஆயுளாக இருக்கிறதா, அல்லது வெறும் நாமினி என்ற இடத்தில் மட்டும் இருக்கிறதா? நாமினி என்றால் அவருக்கு மாத ஓய்வூதியம் வராது, அசல் திரும்பும் வகையானால் அசல் மட்டும்தான் வரும். தவறு இருந்தால் திருத்திக்கொள்ள ஃப்ரீ லுக் என்ற குறுகிய அவகாசம் உண்டு, எத்தனை நாள் என்பது பத்திரத்திலேயே இருக்கும். அது தாண்டிவிட்டால் சாதாரணக் காரணங்களுக்காக வகையை மாற்ற முடியாது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள் சான்று கொடுக்க வேண்டியிருக்கும். எப்போது, எப்படி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆதார் மூலம் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கவும் வசதி வந்துவிட்டது. அந்தச் சான்று போகாவிட்டால் தொகை நின்றுவிடும். கணவர் இறந்த பிறகு, ஓய்வூதியம் மனைவி பெயருக்கு மாற இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும், தானாக மாறாது. பாலிசி எண், நிறுவனத்தின் பெயர், கிளை ஆகிய மூன்றையும் மனைவியின் வங்கிப் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதி வைத்துவிட்டால் அப்போது பீரோவைக் குடைய வேண்டியிருக்காது.